பின்தேதி செக்குகளைப் படம் பிடித்து, மாதவாரியாகப் பண வரவுப் பட்டியல் போடுவது எப்படி

ஈரோட்டில் துண்டு, லுங்கி, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்பவர்களின் மேசை இழுப்பறையைத் திறந்தால் செப்டம்பர் கடைசியில் ஒரு கட்டு செக் இருக்கும். தீபாவளிச் சரக்கு எடுத்த வெளியூர்க் கடைக்காரர்கள் அக்டோபர், நவம்பர் தேதி போட்டுக் கொடுத்தவை. பாதி செக் கடைக்கே வந்திருக்கும். மீதியை லைனுக்குப் போன சேல்ஸ்மேன் வாங்கி, அங்கிருந்தே போனில் படம் எடுத்து அனுப்பியிருப்பார், லீஃப் பிறகுதான் வந்து சேரும். முதலாளியிடம் "அக்டோபரில் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகை பெரும்பாலும் செக்குகளில் எழுதியிருக்கும் தேதியை வைத்துக் கூட்டியது. கணக்கில் பணம் ஏறும் நாள் வேறு. அந்த இடைவெளி சில நாள்தான் என்றாலும், அது மாதக் கடைசியில் விழுந்தால் நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பணம் குறைந்துவிடும்.

இந்த வழிகாட்டி அந்த இடைவெளியையும் கணக்கில் எடுக்கும் பட்டியலைப் பற்றியது. ஒரு ஸ்மார்ட்போன், ஒரு கூகுள் ஷீட் அல்லது எக்ஸெல் போதும். முப்பது நாற்பது செக் வரை புழங்கும் கடைக்கு வேறு மென்பொருள் தேவையில்லை.

முதலில் படம்

படம் சரியாக இல்லாவிட்டால் பட்டியலும் சரியாக வராது. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

செக்கை மேசையில் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஒரு மாதிரி கட்டை எழுத்தில் எண்கள் வரிசையாக இருக்கும். அதுதான் எம்ஐசிஆர் பட்டை. சேல்ஸ்மேன்கள் அனுப்பும் படங்களில் அதிகம் வெட்டுப்படுவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் அவர்கள் கண் தொகையிலும் கையெழுத்திலும் இருக்கும். பட்டியலுக்கு மிகவும் வேண்டியதும் இதே பகுதிதான். ஃபிளாஷ் வேண்டாம், தொகைக் கட்டத்தின் மேல் வெள்ளையாகப் பளிச்சிட்டு எண்ணை மறைத்துவிடும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.

ஒவ்வொரு செக்குக்கும் ஒரு படம். ஐந்தாறு செக்கைப் பரப்பி வைத்து ஒரே படமாக எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படி எடுத்தால் ஒன்றை விட்டுவிட்டோமா என்று பிறகு எண்ணிப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிடும். சிறு துண்டுச் சீட்டில் ப-01, ப-02 என்று எண் எழுதி, செக்கின் பக்கத்தில் வைத்து, அதுவும் படத்தில் விழும்படி எடுங்கள். பட்டியலில் இருக்கும் வரியிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து லீஃபுக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் போக முடியும். எண்ணைச் செக்கின் மேலேயே எழுதாதீர்கள், ஸ்டேப்ளர் பின்னும் அடிக்காதீர்கள். ஸ்கேன் ஆகும் தாளில் கூடுதல் எழுத்தும் ஓட்டையும் தலைவலிதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, சின்ன எழுத்துகள் கலங்கிவிடும். சேல்ஸ்மேனை "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், முழுத் தெளிவோடு வரும். அப்புறம் இன்னொன்று: செக் படத்தில் பார்ட்டியின் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன. கடையின் பொதுக் குரூப்பில் அதைப் போடக் கூடாது. கணக்குப் பார்ப்பவருக்குத் தனியாக அனுப்பி, அவர் ஒரு கோப்புறையில் சேர்த்ததும் போன்களில் இருப்பதை அழித்துவிட வேண்டும்.

செக்கில் எதைப் படிப்பது

ஸ்கேன் செய்த படத்தை அனுப்பிக் கிளியரிங் செய்யும் முறைக்குச் சிடிஎஸ் என்று பெயர். இப்போது புழக்கத்தில் உள்ள சிடிஎஸ் செக்கில் வலப்பக்கம் மேலே தேதிக்கு எட்டுக் கட்டங்கள் இருக்கும். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. கட்டம் இருப்பதால் தேதி குழம்பாது என்று தோன்றும். ஆனால் கையெழுத்தில் 1-ம் 7-ம், 0-ம் 6-ம் ஒன்றுபோல இருக்கும். 01-11 என்பதற்கும் 07-11 என்பதற்கும் ஆறு நாள் வித்தியாசம். சந்தேகம் வந்தால் அதே செக்கில் தொகைக் கட்டத்தில் அந்த ஆள் 1 எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். தொகை எழுத்திலும் இருப்பதால், அவருடைய 1 எது, 7 எது என்று அங்கே உறுதியாகிவிடும். அதை வைத்துத் தேதியைப் படிக்கலாம். அப்படியும் தெளிவாகாவிட்டால் பார்ட்டிக்கு ஒரு போன்.

ஆண்டையும் பாருங்கள். டிசம்பரில் ஜனவரித் தேதி போட்டுக் கொடுக்கும்போது கை பழக்கத்தில் பழைய ஆண்டையே எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிய செக் கையில் வரும்போதே காலாவதியானது.

தொகையை எண்ணில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை படியுங்கள். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அப்படிப்பட்ட செக் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். அதனால் அது பட்டியலில் சேர வேண்டிய செக் அல்ல, பார்ட்டியிடம் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்க வேண்டிய செக். பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அப்படித்தான். சிடிஎஸ் விதிப்படி தேதியைத் தவிர வேறு எதையும் திருத்தக் கூடாது, புதுச் செக்தான் எழுத வேண்டும். படம் வந்த அன்றே இதைக் கவனித்தால் சேல்ஸ்மேன் அதே ஊரில் இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடலாம். லைன் ஆட்களிடம் உடனே படம் கேட்பதில் உள்ள பெரிய லாபமே இதுதான் என்பேன்.

கடைசியாக எம்ஐசிஆர் பட்டை. இடமிருந்து முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பது இலக்கம் வங்கிக் கிளையின் எம்ஐசிஆர் எண், அதன் முதல் மூன்று ஊரையும், நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். இந்த இரண்டையும் பட்டியலில் எழுதினால் போதும். செக் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. ஆறு இலக்க எண் வெவ்வேறு பார்ட்டிகளின் செக்கில் ஒன்றாகவே அமைந்துவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிக் குழம்புவது மிக அரிது.

போனில் படத்திலிருந்து எழுத்தை நகலெடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அச்சடித்த எண்ணுக்கு அது உதவும். கையால் எழுதிய தேதிக்கும் தொகைக்கும் அதை நம்பாமல் கண்ணால் படித்துத் தட்டுவதே மேல்.

ஷீட்டை அமைப்பது

எழுதத் தொடங்குமுன் ஒரு வேலை. கூகுள் ஷீட்டில் `File > Settings > Locale` போய் `India` என்று இருக்கிறதா பாருங்கள். `United States` என்றிருந்தால் 05/11/2026 என்று நீங்கள் தட்டியதை அது மே 11 என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழையும் காட்டாது, தொகை மட்டும் தவறான மாதத்தில் போய் உட்காரும். 12-க்கு மேற்பட்ட நாள்களில் வேறு மாதிரி வினை: 20/10/2026 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதிப் பத்தியை `dd-mmm-yyyy` வடிவத்தில் காட்டச் சொல்லிவிட்டால் மாதம் பெயராகத் தெரியும், தவறு கண்ணில் பட்டுவிடும்.

பத்திகள் இவை: A படம் எண், B பார்ட்டி, C செக் எண், D எம்ஐசிஆர் எண், E செக் தேதி, F தள்ளிய தேதி, G தொகை, H வங்கியில் போடும் நாள், I பணம் வரும் நாள், J காலாவதி, K நிலை. ஷீட்டுக்கு `Cheques` என்று பெயர் வையுங்கள். C, D இரண்டையும் முன்கூட்டியே `Plain text` ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 004512 என்ற செக் எண் 4512 ஆகிவிடும். தொகையைக் காற்புள்ளி இல்லாமல், "/-" இல்லாமல் வெறும் எண்ணாகத் தட்டுங்கள்.

`Holidays` என்று இன்னொரு ஷீட் வேண்டும். அதன் A பத்தியில், இரண்டாவது வரியிலிருந்து, வங்கி விடுமுறைத் தேதிகளை எழுதுங்கள். ஞாயிறு எழுதத் தேவையில்லை, சூத்திரமே பார்த்துக்கொள்ளும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை எழுத வேண்டும். 2015 செப்டம்பர் முதல் இவை வங்கிகளுக்கு விடுமுறை, மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக மூடியிருப்பார்கள், அதையும் சேருங்கள். மற்றவற்றுக்கு ரிசர்வ் வங்கித் தளத்தில் சென்னை அலுவலகத்துக்கான விடுமுறைப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இப்போது `Cheques` ஷீட்டின் இரண்டாவது வரியில் H, I, J மூன்றுக்கும் வரிசையாக இந்தச் சூத்திரங்கள்:

```
=IF(E2="","",WORKDAY.INTL(MAX(E2,F2)-1,1,11,Holidays!$A$2:$A$60))
=IF(H2="","",WORKDAY.INTL(H2,1,11,Holidays!$A$2:$A$60))
=IF(E2="","",EDATE(E2,3))
```

முதல் சூத்திரம் செக் தேதி வேலை நாளாக இருந்தால் அதையே தரும், விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளைத் தரும். அதில் உள்ள 11 என்பது "ஞாயிறு மட்டும் வார விடுமுறை" என்பதற்கான குறி. இரண்டாவது, போட்ட நாளிலிருந்து ஒரு வேலை நாள் தள்ளிப் பணம் வருவதாக வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, செக்கின் மூன்று மாத ஆயுள். 2012 ஏப்ரலுக்கு முன் ஆறு மாதம் இருந்தது, அதற்குப் பிறகு மூன்றுதான். இன்னும் சிலர் ஆறு மாத நினைப்பிலேயே செக்கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் தள்ளுவது ஏன் என்று கேள்வி வரும். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் முறை மாறிவிட்டது. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை வங்கிகள் செக்கை ஸ்கேன் செய்து உடனுக்குடன் அனுப்புகின்றன, கொடுத்தவரின் வங்கி அன்றே இரவு 7 மணிக்குள் ஒப்புதலோ மறுப்போ சொல்ல வேண்டும். அதனால் காலையில் கவுன்டரில் கொடுத்த செக் அன்றைக்கே வந்துவிடலாம். ஆனால் அதற்குக் காலையிலேயே ஆள் போக வேண்டும், கிளையில் உடனே ஸ்கேன் ஆக வேண்டும். மதியத்துக்கு மேல் பெட்டியில் போட்டது மறுநாள் கணக்கில்தான் சேரும். அப்படியே அன்றே வந்தாலும், இரவு 7 மணிக்கு வந்த பணத்தை வைத்து அன்றைய பகலில் யாருக்கும் கொடுக்க முடியாது. திட்டத்துக்கு ஒரு வேலை நாள் வைப்பதே பாதுகாப்பு.

K பத்தியில் நான்கே வார்த்தைகள்: வரவேண்டியது, வந்தது, ரிட்டர்ன், மாற்றியது. `Data validation` வைத்துப் பட்டியலாக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினால் கூட்டல் விட்டுப்போகும்.

ஒரு கட்டு செக்கை எழுதிப் பார்ப்போம்

2026 செப்டம்பர் கடைசியில் ஒரு கடையில் பத்துப் படங்கள் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எழுதத் தொடங்கியதும் ப-06, ப-01-இன் அதே செக் என்று தெரிகிறது. சேல்ஸ்மேன் லைனில் இருந்து ஒரு முறை அனுப்பினார், கடைக்கு வந்ததும் இன்னொருவர் மறுபடி எடுத்துவிட்டார். செக் எண்ணும் எம்ஐசிஆர் எண்ணும் ஒன்றாக இருப்பதால் பிடிபட்டது. L பத்தியில் இப்படி ஒன்று வைத்தால் ஷீட்டே காட்டிக்கொடுக்கும்:

```
=IF(COUNTIFS(C:C,C2,D:D,D2)>1,"இரட்டை","")
```

மறுபக்கம், சேலம் பார்ட்டியின் இரண்டு செக் ஒரே தொகைக்கு இருக்கின்றன. தொகையை மட்டும் பார்ப்பவர் இதை இரட்டை என்று நீக்கிவிடுவார். செக் எண் வேறு, தேதியும் வேறு, ஆகவே இரண்டும் நிஜம். திருச்சி பார்ட்டியின் ப-09-இல் தேதிக் கட்டம் காலி. மிச்சம் எட்டுச் செக்:

| படம் | பார்ட்டி | செக் தேதி | தொகை | போடும் நாள் | பணம் வரும் நாள் |
|---|---|---|---|---|---|
| ப-01 | கரூர் | 05-10-2026 | 85,000 | 05-10 | 06-10 |
| ப-02 | சேலம் | 10-10-2026 | 1,20,000 | 12-10 | 13-10 |
| ப-03 | மதுரை | 20-10-2026 | 64,500 | 21-10 | 22-10 |
| ப-05 | சேலம் | 24-10-2026 | 1,20,000 | 26-10 | 27-10 |
| ப-08 | நாமக்கல் | 30-10-2026 | 95,000 | 30-10 | 31-10 |
| ப-04 | திண்டுக்கல் | 31-10-2026 | 2,40,000 | 31-10 | 02-11 |
| ப-07 | தேனி | 16-11-2026 | 1,50,000 | 16-11 | 17-11 |
| ப-10 | கோவை | 30-11-2026 | 1,10,000 | 30-11 | 01-12 |

அக்டோபர் 10 இரண்டாம் சனி, 24 நான்காம் சனி, 20 விஜயதசமி. அதனால்தான் அந்த மூன்றும் நகர்ந்தன. 31-ஆம் தேதியும் சனிதான், ஆனால் ஐந்தாவது சனி, வங்கி திறந்திருக்கும். செக்கை அன்றே போடலாம். பணம் வருவது ஞாயிறு கழிந்து நவம்பர் 2 திங்களில்.

மாத மொத்தம்

மூன்றாவதாக ஒரு ஷீட், `Monthly`. A2-இல் 01-10-2026, A3-இல் 01-11-2026 என்று மாத முதல் நாளை எழுதி, B2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=SUMIFS(Cheques!G:G,Cheques!I:I,">="&A2,
 Cheques!I:I,"<"&EDATE(A2,1),
 Cheques!K:K,"வரவேண்டியது")
```

C2-இல் அதே சூத்திரத்தை I-க்குப் பதில் E வைத்துப் போட்டால் செக் தேதிப்படி மொத்தம் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கட்டில் செக் தேதிப்படி அக்டோபர் மொத்தம் 7,24,500 ரூபாய், நவம்பர் 2,60,000. பணம் வரும் நாள்படி அக்டோபர் 4,84,500, நவம்பர் 3,90,000, டிசம்பர் 1,10,000. இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை 9,84,500-தான், மாதங்கள்தான் மாறியிருக்கின்றன.

இப்போது அக்டோபர் 31-இல் நூல் மில்லுக்கு 5,50,000 கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். கையில் உள்ள செக்குகளைத் தேதிப்படி கூட்டியவர் போதுமென்று நினைப்பார், மிச்சமே இருக்கிறதே என்பார். உண்மையில் 65,500 குறைகிறது, வேறு வரவு இல்லாவிட்டால். இது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிட்டதால் வழியும் எளிது: மில்லிடம் நவம்பர் 3 தேதி போட்டுச் செக் கொடுக்கலாமா என்று இப்போதே கேட்கலாம், அல்லது திண்டுக்கல் பார்ட்டியிடம் 31-க்குப் பதில் 29 தேதி போட்டு வாங்க முடியுமா என்று பார்க்கலாம். 31-ஆம் தேதி காலையில் தெரிந்தால் இரண்டும் நடக்காது.

மாத மொத்தத்தோடு நின்றுவிடாமல் மாதத்தை இரண்டாக வெட்டிப் பார்ப்பதும் நல்லது. இந்த அக்டோபரில் 15 தேதிக்குள் வருவது 2,05,000-தான், 2,79,500 அதற்குப் பிறகு. தறிக்காரர்களுக்கு வாராவாரம் கூலி கொடுப்பவருக்கு இது மாத மொத்தத்தைவிட முக்கியம். A பத்தியில் மாத முதல் நாளுக்குப் பதில் திங்கட்கிழமைகளை எழுதி, `EDATE(A2,1)` இருக்கும் இடத்தில் `A2+7` என்று மாற்றினால் வார மொத்தம் வந்துவிடும். சூத்திரம் அதேதான்.

நவம்பரைப் பாருங்கள். தீபாவளி நவம்பர் 8. அதற்கு முன் போனஸ் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு முன் வருவதாகப் பட்டியல் காட்டும் நவம்பர்ப் பணம் முழுக்க ஒரே செக், திண்டுக்கல் பார்ட்டியின் 2,40,000. அது திரும்பினால் போனஸுக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒரே செக்கின் மேல் ஒரு செலவு நிற்கும்போது, அந்தச் செக்கின் நிலையைக் கொஞ்ச நேரம் "மாற்றியது" என்று வைத்து மொத்தத்தைப் பாருங்கள், பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள். பார்த்துவிட்டுக் கவலைப்படுவதற்காக இல்லை, அந்தப் பார்ட்டிக்கு அக்டோபர் 28-ஆம் தேதி வாக்கில் ஒரு போன் போட வேண்டும் என்று குறித்துக்கொள்வதற்கு.

திருச்சியின் தேதி இல்லாத 70,000 எந்த மாதத்திலும் வராது. E காலியாக இருப்பதால் H, I இரண்டும் காலியாகவே இருக்கும், கூட்டலில் சேராது. அது சரியான நடத்தைதான். தேதி இல்லாத செக்கைத் தோராயமாக ஒரு மாதத்தில் வைத்தால் பட்டியல் முழுவதும் தோராயம் ஆகிவிடும். பார்ட்டியிடம் கேட்டு, அவர் சொன்ன தேதியை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகு நிரப்பலாம்.

கூட்டிச் சரிபார்ப்பது

பட்டியல் போட்டவரே சரிபார்த்தால் அதே தவறு இரண்டு முறை கண்ணுக்குத் தப்பும். இன்னொருவர் லீஃப் கட்டை எடுத்து, ஷீட்டைப் பார்க்காமல், கால்குலேட்டரில் தொகைகளைக் கூட்ட வேண்டும். லீஃப் எத்தனை, மொத்தம் எவ்வளவு, இந்த இரண்டு மட்டும் சொன்னால் போதும். நம் கணக்கில் 9 லீஃப், 10,54,500. ஷீட்டில் தேதி உள்ள எட்டின் 9,84,500-உம் தேதி இல்லாத 70,000-உம் சேர்ந்து அதே தொகை. சரி.

பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போனால் பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 64,500 என்பதை 46,500 என்று தட்டினால் வித்தியாசம் 18,000. வித்தியாசம் ஏதாவது ஒரு செக்கின் தொகையாகவே இருந்தால் அந்த லீஃப் இல்லை, அல்லது அது இரண்டு முறை ஏறியிருக்கிறது. படம் மட்டும் வந்து லீஃப் வராத செக் இருந்தால் B பத்தியில் பார்ட்டி பெயருக்குப் பக்கத்தில் "லீஃப் வரவில்லை" என்று எழுதுங்கள். படத்தை வங்கியில் போட முடியாது.

தேதிகளைத் தனியாக ஒரு சுற்று பார்க்க வேண்டும், கூட்டல் அவற்றைப் பிடிக்காது. ஒருவர் லீஃபைப் பார்த்துத் தேதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ஷீட்டில் பார்த்தால் முப்பது செக் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

பட்டியலை நடத்துவது

தினமும் காலையில் H பத்தியைப் பார்த்து இன்றைக்குப் போட வேண்டியதை எடுங்கள். பணம் வந்ததும் K-இல் "வந்தது". H நேற்றைக்கு முந்தியதாக இருந்தும் "வரவேண்டியது" என்றே நிற்கும் வரிகளைச் சிவப்பாக்கும்படி `Conditional formatting` வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன செக் இழுப்பறையில் கிடப்பது அப்போதுதான் தெரியும்.

பார்ட்டி போன் போட்டு "அண்ணா, அந்தச் செக்கைப் பத்து நாள் கழிச்சுப் போடுங்க" என்பார். நடக்காத கடை கிடையாது. அப்போது E-இல் உள்ள தேதியைத் தொடாதீர்கள், அது செக்கில் உள்ளது. F-இல் புதுத் தேதியை எழுதுங்கள். போடும் நாளும் மாத மொத்தமும் தானாக நகரும், காலாவதி மட்டும் அசல் தேதியிலிருந்தே எண்ணும். F-இல் எழுதிய தேதி J-க்குப் பக்கத்தில் போய்விட்டால் தள்ளிப்போடாமல் புதுச் செக் கேளுங்கள். புதுச் செக் வந்ததும் பழைய வரியை அழிக்காமல் "மாற்றியது" என்று குறித்து, புதியதைத் தனி வரியாக எழுதி, பழைய லீஃபைத் திருப்பிக் கொடுங்கள். F பத்தி அடிக்கடி நிரம்பும் பார்ட்டி யார் என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அடுத்த சீசனில் யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஐந்து லட்சமோ அதற்கு மேலோ உள்ள செக் என்றால் ஒரு கூடுதல் வேலை. பாசிட்டிவ் பே முறையில், செக் கொடுத்தவர் தன் வங்கிக்குச் செக் எண், தேதி, பெயர், தொகையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 50,000-க்கு மேல் அது அவர் விருப்பம், ஐந்து லட்சத்துக்கு மேல் வங்கிகள் கட்டாயமாக்கலாம், பல ஆக்கியும் இருக்கின்றன. போடும் நாளுக்கு முன்தினம் பார்ட்டியிடம் "கன்ஃபர்ம் பண்ணியாச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

ரிட்டர்ன் ஆனால் K-இல் குறித்து, வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவையும் படம் எடுத்து அதே படம் எண்ணோடு சேருங்கள். பணம் இல்லாமல் திரும்பியதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் வழக்குக்குப் போவதானால், தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்தபின் பார்ட்டிக்கு 15 நாள் அவகாசம். அந்த 30 நாள் முடியும் தேதியை அன்றே அதே வரியில் எழுதிவிடுங்கள். செக் மூன்று மாதத்துக்குள் இருந்தால் மறுபடி போடலாம், அப்போது F-இல் புதுத் தேதி, K-இல் மறுபடி "வரவேண்டியது".

நாம் கொடுத்த செக்

இதே போலக் கடை கொடுத்த பின்தேதி செக்குகளுக்கும் ஒரு ஷீட் வேண்டும். செக்கைக் கையில் கொடுக்குமுன் படம் எடுத்துவிடுங்கள், அடிக்கட்டையில் எழுத மறந்தாலும் படம் இருக்கும். பத்திகள் அதேதான், ஆனால் பணம் போகும் நாளைக் கணக்கிடும்போது ஒரு நாள் தள்ளாதீர்கள். H-உம் I-உம் ஒன்றே. வாங்கியவர் காலை பத்து மணிக்கே போட்டுவிடலாம், இப்போதைய கிளியரிங்கில் அன்றே பணம் போய்விடும். முன்பெல்லாம் இன்றைக்குச் செக் போட்டால் நாளைக்கோ மறுநாளோதான் கணக்கில் கழியும், அதற்குள் பணத்தைக் கட்டிவிடலாம் என்று வியாபாரிகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அவகாசம் இனி இல்லை. செக் தேதிக்கு முந்திய வேலை நாள் மாலையில் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

`Monthly` ஷீட்டில் வரவுக்குப் பக்கத்தில் D பத்தியாக இந்தச் செலவு மொத்தத்தைப் போட்டு, E-இல் `=B2-D2` வைத்தால் மாதத்துக்கு எவ்வளவு மிஞ்சும், எவ்வளவு குறையும் என்று வரும். வாடகை, சம்பளம், ஜிஎஸ்டி போன்ற செக் அல்லாத செலவுகளை இன்னொரு பத்தியில் கையால் எழுதிக் கழித்துக்கொள்ளலாம். வாரக் கணக்கிலும் இதையே செய்யுங்கள். மாதம் மிச்சம் காட்டும், அதே மாதத்தின் இரண்டாவது வாரம் குறை காட்டும், சீசனில் இது சாதாரணம்.